வங்கிக்குப் போகும் ஒரு பக்கம்

"ஏனுங்க, கம்பெனியே எங்களுது. பணமும் எங்களுது. நாங்களே நேரா போய் நிக்கிறோம். அப்புறம் எதுக்குங்க இந்தப் பேப்பர்?"

கரூரில் திரைச்சீலையும் மேசை விரிப்பும் தைத்து அனுப்பும் தொழிலைப் பல வருஷம் தனிப்பெயரில் நடத்திவிட்டு, அதைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாற்றிக்கொண்ட ஒரு அம்மா கேட்ட கேள்வி இது. அவரும் அவருடைய தம்பியும் கணவரும் மூன்று டைரக்டர்கள். வங்கியில் நடப்புக் கணக்கு தொடங்கப் போயிருக்கிறார்கள். கம்பெனிப் பதிவுச் சான்றிதழ், பான் கார்டு, ஆதார் எல்லாம் கொண்டுபோயும் அதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார். "போர்டு ரெசல்யூஷன் சரியில்லை, மாற்றிக் கொண்டுவாங்க" என்று சொன்னாராம். எது சரியில்லை என்று சொல்ல அவருக்கு நேரமில்லை. கம்பெனிச் சட்ட வேலைகளைப் பார்க்கும் எங்கள் அலுவலகத்துக்கு அந்தக் காகிதம் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

அந்த அம்மாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். தனிப்பெயரில் கடை நடத்தும்போது கடையும் அவரும் ஒன்று. கம்பெனியாகப் பதிவு செய்த நாளிலிருந்து சட்டத்தின் கண்ணில் கம்பெனி தனி ஆள். அந்த ஆளுக்காகப் பேசும் உரிமை டைரக்டர்கள் சேர்ந்த குழுவுக்கு, அதாவது போர்டுக்குத்தான் உண்டு. தனித்தனி டைரக்டருக்கு அந்த உரிமை தானாக வந்துவிடாது. மூன்று பேரும் வங்கிக் கவுன்ட்டர் முன்னால் வந்து நின்றாலும், மூன்று தனி மனிதர்கள் நிற்கிறார்கள் என்றுதான் கணக்கு. போர்டு கூடி, "இந்த வங்கியில் கணக்குத் தொடங்குவோம், இன்னார் கையெழுத்துப் போடட்டும்" என்று முடிவெடுத்திருக்க வேண்டும். அந்த முடிவு மினிட்ஸ் புத்தகத்தில் ஏறும். வங்கி அந்தப் புத்தகத்தைப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. அதே கூட்டத்தில் யாருக்கு எவ்வளவு சம்பளம், எந்த வாடிக்கையாளர் பணம் தராமல் இழுக்கிறார் என்றெல்லாம் பேசியிருப்பார்கள். அதனால் வங்கிக்கு வேண்டிய தீர்மானத்தை மட்டும் எழுத்துப் பிசகாமல் எடுத்து எழுதி, "இது எங்கள் பதிவில் உள்ளபடியே உள்ள நகல்" என்று பொறுப்புள்ள ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். சர்ட்டிஃபைடு ட்ரூ காப்பி, சர்ட்டிஃபைடு எக்ஸ்ட்ராக்ட் என்றெல்லாம் சொல்வது இதைத்தான். கம்பெனிகளிடம் போர்டு தீர்மானத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கேஒய்சி விதிகளிலேயே இருப்பதால், எந்தக் கிளை மேனேஜராலும் இதை விட்டுக்கொடுக்க முடியாது.

அவர்கள் கொண்டுவந்த காகிதத்தை மேசையில் விரித்துப் பார்த்தேன். வேறு ஏதோ ஒரு கம்பெனியின் தீர்மானத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். லெட்டர்ஹெட் இருந்தது, ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது, மூன்று கையெழுத்தும் இருந்தது. பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் நடுவில் இருந்த ஒரு வரிதான் மொத்தக் காகிதத்தையும் வீணாக்கியிருந்தது. கணக்கை டைரக்டர்கள் "ஜாயின்ட்லி அண்ட் செவரலி" இயக்குவார்கள் என்று அந்த வரி சொன்னது.

இந்தச் சொற்றொடர் கடன் பத்திரங்களிலிருந்து இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. கடன் பத்திரத்தில் அதற்குத் தெளிவான பொருள் உண்டு. கடனுக்கு எல்லோரும் சேர்ந்தும் பொறுப்பு, ஒவ்வொருவரும் தனியாகவும் முழுப் பொறுப்பு. வங்கிக் கணக்கை இயக்கும் இடத்தில் இதே சொல் இரண்டு பக்கமும் இழுக்கிறது. ஒரு செக் வருகிறது, அதில் தம்பியின் கையெழுத்து மட்டும் இருக்கிறது. பணம் தரலாமா? "செவரலி" என்று பார்த்தால் தரலாம். "ஜாயின்ட்லி" என்று பார்த்தால் மூன்று கையெழுத்தும் வேண்டும். கவுன்ட்டரில் இருப்பவர் இதில் எதை எடுத்துக்கொள்வது? அதிகாரி திருப்பி அனுப்பியது நியாயம்தான். விஷயம் தெரியாத அதிகாரியாக இருந்து வாங்கி வைத்திருந்தால்தான் ஆபத்து. கணினியில் "யாராவது ஒருவர்" என்று பதிந்துவிடுவார்கள். மூன்று பேரும் சேர்ந்து போட்டால்தான் பணம் போகும் என்று நம்பிக்கொண்டிருக்கும் கம்பெனிக்கு, பணம் போன பிறகுதான் விவரம் தெரியும்.

தனி மனிதர்களின் கூட்டுக் கணக்கில் வரும் "ஐதர் ஆர் சர்வைவர்" என்ற சொல்லையும் கம்பெனித் தீர்மானத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். இருவரில் ஒருவரோ, ஒருவர் காலமானால் மற்றவரோ என்பது அதன் பொருள். கணவன் மனைவி கணக்குக்கு அது பொருந்தும். கம்பெனிக் கணக்கில் பணம் கையெழுத்துப் போடுபவர்களுடையது இல்லை, அதனால் மிஞ்சியிருப்பவருக்கு உரிமை என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே எழுத உட்காருவதற்கு முன் நான் கேட்கும் முதல் கேள்வி, பணம் வெளியே போக யார் யார் கையெழுத்து வேண்டும் என்பதுதான். கரூர்க் குடும்பத்திடமும் அதைத்தான் கேட்டேன். அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தினசரிச் செலவு நிறைய. நூல்காரருக்கு, சாயப்பட்டறைக்கு, லாரிக்காரருக்கு என்று ஓயாமல் பணம் போகும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் கையெழுத்து என்றால் வேலை நின்றுவிடும். ஆனால் பெரிய தொகை போகும்போது இருவருக்கும் தெரிந்துதான் போக வேண்டும். அக்காவின் கணவர் தறிகளையும் தையல் பிரிவையும் பார்ப்பவர், பணப் பக்கம் அவருக்கு வேண்டாம். பேசிப் பேசி வந்த முடிவு இது: ஒரு லட்சம் ரூபாய் வரை அக்காவோ தம்பியோ தனியாகப் போடலாம். ஒரு லட்சத்துக்கு மேல் என்றால் இருவரும் சேர்ந்துதான்.

இப்படி வரம்பு வைக்கும்போது ஒரு ஓட்டையை அடைத்தாக வேண்டும். "ஒரு லட்சம் வரை தனியாக" என்று மட்டும் எழுதினால் அது ஒரு செக்குக்கான வரம்பு. ஒரே நாளில் ஒருவரே தொண்ணூறாயிரம் ரூபாய்க்கு நான்கு செக் எழுதினாலும் தீர்மானத்தை மீறியதாக ஆகாது, வங்கியும் நிறுத்தாது. ஒரு நாளில் மொத்தம் ஒரு லட்சம் என்பதுதான் எண்ணம் என்றால் அதைச் சொல்லில் வைக்க வேண்டும். அத்தோடு, அந்த வங்கியின் கணினி அப்படிக் கணக்குப் பார்த்து நிறுத்துமா என்று கிளையில் கேட்டுக்கொள்ளவும் வேண்டும். காகிதத்தில் இருக்கும் கட்டுப்பாடு கணினியில் ஏறாவிட்டால் இன்டர்நெட் பேங்கிங் வழியாகப் பணம் போகும்போது அது வேலை செய்யாது. பல வங்கிகளில் கம்பெனிக் கணக்குக்கு ஒருவர் பதிவு செய்து மற்றவர் ஒப்புதல் தரும் ஏற்பாடு உண்டு. செக்குக்கு இருவர் கையெழுத்து என்று வைத்துவிட்டு இன்டர்நெட் பேங்கிங்குக்கு ஒருவர் பெயரில் முழு அதிகாரம் வாங்கிவைத்தால், முன்வாசலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட மாதிரிதான். செக்கையும் இன்டர்நெட் வழிப் பணப்பரிமாற்றத்தையும் தீர்மானத்தில் ஒரே வரியில் கட்டிப்போட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது பெயர். இது நம் ஊருக்கே உரிய தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். அந்தத் தம்பியின் ஆதாரில் முன்னால் ஒற்றை எழுத்து, பின்னால் பெயர். பான் கார்டில் அந்த ஒற்றை எழுத்து விரிந்து அப்பாவின் முழுப் பெயராகி, கடைசியில் போய் நின்றது. கம்பெனிப் பதிவில் பான் கார்டில் உள்ளபடிதான் பெயர் ஏறியிருக்கிறது. அவர்கள் கொண்டுவந்த தீர்மானத்திலோ ஊரில் அழைக்கும் பெயர். வங்கி அதிகாரிக்கு இவர்கள் மூன்று வெவ்வேறு ஆட்களாகத் தெரிவார்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் எந்தக் கம்பெனியின் டைரக்டர் பட்டியலையும் யாரும் பார்க்கலாம், வங்கியும் அங்கேதான் சரிபார்க்கும். அங்கே இருக்கிற மாதிரியே தீர்மானத்தில் எழுதி, பக்கத்தில் டைரக்டர் அடையாள எண்ணையும் போட்டுவிட்டால் குழப்பம் தீர்ந்தது. கம்பெனியின் பெயரும் அப்படித்தான். பதிவுச் சான்றிதழில் பிரைவேட் லிமிடெட் என்று முழுதாக இருந்தால் இங்கேயும் முழுதாகவே எழுத வேண்டும், சுருக்கக் கூடாது.

அடுத்து, அவர்கள் கவனிக்காத இன்னொரு விஷயம். காகிதத்தில் போர்டு மீட்டிங் நடந்ததாக ஒரு தேதி போட்டிருந்தது. பதிவுச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால், கம்பெனி பிறந்ததே அதற்கு நான்கு நாள் கழித்து! பிறக்காத கம்பெனியின் போர்டு எப்படிக் கூடும்? மாதிரியை நகலெடுத்தவர் தேதியையும் உத்தேசமாகப் போட்டுவிட்டார். இதில் ஒரு விஷயத்தை நான் கடுமையாகவே சொல்வேன். தேதியை மட்டும் திருத்தி எழுதிக்கொண்டு போவது தீர்வு கிடையாது. மீட்டிங் நடக்காமலேயே நடந்ததாகச் சான்று கொடுப்பது பொய்ச் சான்று. ஏமாற்றும் நோக்கத்தோடு செய்தது என்று ஆனால் கம்பெனிச் சட்டத்தின் 447ஆவது பிரிவின்படி பத்து வருஷம் வரை சிறைக்கு வழியுண்டு. குடும்பக் கம்பெனியில் மீட்டிங் என்பது சாப்பாட்டு மேசையில் அரைமணி நேரம்தான். அதை நடத்துவது ஒன்றும் பாரமில்லை.

நடத்தும் முறையை அந்தக் கம்பெனியின் தேதிகளைக் கொண்டே சொல்கிறேன். கம்பெனி பதிவானது 2025 ஜூன் 9. முதல் போர்டு மீட்டிங்கை 30 நாளுக்குள் நடத்த வேண்டும். ஏழு நாளுக்குக் குறையாமல் எழுத்தில் நோட்டீஸ் வேண்டும், ஈமெயிலில் அனுப்பினாலும் செல்லும். ஜூன் 18 அன்று நோட்டீஸ் அனுப்பி, ஜூன் 27 அன்று கூட்டம் வைத்தோம். மூன்று டைரக்டர்கள் உள்ள கம்பெனிக்குக் குறைந்தது இருவர் வர வேண்டும், மூவருமே வந்தார்கள்.

இங்கே அவசரம் ஒன்று உண்டு. பங்குதாரர்கள் தருவதாக ஒப்புக்கொண்ட முதலீட்டுப் பணம் கணக்கில் வந்துவிட்டது என்று பதிவான நாளிலிருந்து 180 நாளுக்குள் அறிவிப்புத் தாக்கல் செய்தால்தான் கம்பெனி தொழிலையே தொடங்கலாம், கடனும் வாங்கலாம். இவர்களுக்கு அந்தக் கெடு டிசம்பர் 6. கணக்கு இல்லாமல் பணம் எங்கே போய்ச் சேரும்? தவறினால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் அபராதம், டைரக்டர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வீதம் தனி. தீர்மானக் காகிதம் இரண்டு மூன்று முறை திரும்பி வந்தே இந்தக் கெடுவைக் கோட்டைவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

கூட்டம் முடிந்தபின் மினிட்ஸ் வரைவை 15 நாளுக்குள் டைரக்டர்களுக்கு அனுப்பி, அவர்கள் கருத்தைக் கேட்டு, 30 நாளுக்குள் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். புத்தகத்தில் ஏறிய பிறகுதான் எக்ஸ்ட்ராக்ட் கொடுக்கலாம் என்பது கம்பெனி செக்ரட்டரிகள் நிறுவனம் வகுத்த செயல்தரம். அப்படியானால் கணக்குத் தொடங்க ஒரு மாதம் காத்திருக்க வேண்டுமா என்று தோன்றும். அதே செயல்தரம் ஒரு வழி விட்டிருக்கிறது. தீர்மானத்தின் வாசகம் எழுத்தில் கூட்டத்தின் முன் வைக்கப்பட்டு அப்படியே நிறைவேறியிருந்தால், மினிட்ஸ் ஏறும் முன்பே அந்தத் தீர்மானத்தின் சான்றிட்ட நகலைக் கொடுக்கலாம். அதனால்தான் வாசகத்தைக் கூட்டத்துக்கு முன்பே தட்டச்சு செய்து நோட்டீஸோடு அனுப்பச் சொல்வேன். கரூர்க் குடும்பம் ஜூன் 27 வெள்ளிக்கிழமை தீர்மானம் போட்டு, 30ஆம் தேதி திங்கட்கிழமை நகலோடு வங்கிக்குப் போக முடிந்தது இப்படித்தான். அந்தப் பக்கத்தின் தலைப்பில் "எக்ஸ்ட்ராக்ட் ஆஃப் மினிட்ஸ்" என்று போடாமல் "தீர்மானத்தின் சான்றிட்ட நகல்" என்று போட்டோம். இன்னும் எழுதப்படாத மினிட்ஸிலிருந்து எதையும் எடுக்க முடியாது அல்லவா? தலைப்பே பொய்யாகிவிடும்.

வங்கிகளுக்கு இது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகிறது. ஆனால் என்னிடம் வருபவர்களுக்கு முதலில் தமிழில் எழுதிக் காட்டிவிடுவேன். தாங்கள் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அன்றைக்கு எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது. கோடிட்ட இடங்களில் பெயரும் எண்ணும் வரும்.

"________ பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் டைரக்டர்கள் போர்டு, 2025 ஜூன் 27 வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு, கம்பெனியின் பதிவு அலுவலகமான ________ என்ற முகவரியில் நடத்திய கூட்டத்தில் நிறைவேற்றிய தீர்மானத்தின் சான்றிட்ட நகல்.

கம்பெனியின் பெயரில் ________ வங்கியின் ________ கிளையில் ஒரு நடப்புக் கணக்குத் தொடங்கத் தீர்மானிக்கப்படுகிறது.

மேலும், டைரக்டர்கள் திருமதி ________ (அடையாள எண் ________), திரு ________ (அடையாள எண் ________) ஆகிய இருவருக்கும் அக்கணக்கை இயக்க அதிகாரம் அளிக்கப்படுகிறது. ஒரு நாளில் மொத்தம் ரூபாய் 1,00,000 வரையிலான செக்குகளிலும் பணம் செலுத்தும் உத்தரவுகளிலும் இருவரில் எவரேனும் ஒருவர் தனித்துக் கையெழுத்திடலாம். அத்தொகைக்கு மேற்பட்டவற்றில் இருவரும் சேர்ந்தே கையெழுத்திட வேண்டும். இன்டர்நெட் பேங்கிங் வழியாகச் செய்யப்படும் பணப்பரிமாற்றத்துக்கும் இதே நிபந்தனை பொருந்தும்.

மேலும், கணக்குத் தொடங்கும் விண்ணப்பத்திலும் அதற்கான ஆவணங்களிலும் கையெழுத்திட மேற்கண்ட இருவரில் எவருக்கும் தனித்தனியே அதிகாரம் அளிக்கப்படுகிறது. கடன், ஓவர்டிராஃப்ட் ஆகியவற்றைப் பெறும் அதிகாரம் இத்தீர்மானத்தில் அடங்காது.

மேலும், இத்தீர்மானத்தை மாற்றியோ ரத்து செய்தோ போர்டு நிறைவேற்றும் தீர்மானத்தின் சான்றிட்ட நகல் வங்கிக்குக் கிடைத்து, வங்கி அதைப் பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொள்ளும் வரை இது நடைமுறையில் இருக்கும்."

அடியில் நாள், இடம், சான்றளிப்பவரின் பெயர், பதவி, அடையாள எண், கையெழுத்து. லெட்டர்ஹெட்டில் கம்பெனியின் பெயர், பதிவு அலுவலக முகவரி, கம்பெனி அடையாள எண், தொலைபேசி, ஈமெயில் இருக்க வேண்டும். அதைச் சட்டமே கேட்கிறது. முத்திரைத்தாள் வேண்டாம். பொது முத்திரை வைத்துக்கொள்வதும் 2015க்குப் பிறகு கம்பெனியின் விருப்பம்தான்.

வாசகத்தில் "தீர்மானிக்கப்படுகிறது" என்று நிகழ்காலத்தில் இருப்பதைப் பார்த்துச் சிலர் "தீர்மானிக்கப்பட்டது" என்று திருத்திவிடுவார்கள். மினிட்ஸின் மற்ற பகுதிகள்தான் இறந்தகாலத்தில் வரும், இன்னார் தலைமை வகித்தார், இன்னது பேசப்பட்டது என்று. தீர்மானம் மட்டும் போர்டு அந்த நொடியில் சொல்லும் சொல், அதனால் நிகழ்காலம். நகலெடுக்கும்போது இதைக்கூட மாற்றக் கூடாது. ஒரு எழுத்து மாறினாலும் அது நகல் ஆகாது.

யார் சான்றளிப்பது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். பெரிய கம்பெனி என்றால் கம்பெனி செக்ரட்டரி இருப்பார், அவர் கையெழுத்துப் போடுவார். சிறிய கம்பெனியில் போர்டு அதிகாரம் கொடுத்த ஒரு டைரக்டர் போடலாம். கணக்கை இயக்கப்போகிறவரே "எனக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள்" என்று தனக்குத் தானே சான்று கொடுத்தால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும், வரத்தான் வேண்டும். கரூர்க் கம்பெனியில் இதற்கு விடை வீட்டிலேயே இருந்தது. கணக்கில் கையெழுத்துப் போடாத மூன்றாவது டைரக்டர், அக்காவின் கணவர், சான்றளித்தார். இரண்டே டைரக்டர்கள் இருந்து இருவருமே கணக்கை இயக்குபவர்கள் என்றால் இருவருமே சான்றில் கையெழுத்துப் போட்டுவிடுவது நல்லது.

ஒரு சான்றுக் கையெழுத்தை நம்பி வங்கி ஏன் இவ்வளவு பணத்தைக் கையாள்கிறது என்று கேட்கலாம். அதற்கு ஒரு பழைய வேர் உண்டு. இங்கிலாந்தில் 1856இல் ராயல் பிரிட்டிஷ் வங்கிக்கும் டர்க்வாண்ட் என்பவருக்கும் நடந்த வழக்கு அது. ஒரு கம்பெனியின் டைரக்டர்கள் வங்கிக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கியிருந்தார்கள். அப்படி வாங்க முறையான தீர்மானமே போடவில்லை என்று பின்னால் கம்பெனி தரப்பில் சொன்னார்கள். உள்ளே தீர்மானம் முறையாகத்தான் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ள வெளியாளான வங்கிக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தியாவிலும் அந்தக் கோட்பாடு நிலைத்திருக்கிறது. சந்தேகப்படக் காரணம் கண்ணெதிரே இருந்தும் கண்ணை மூடிக்கொண்ட வங்கிக்கும், ஆவணமே போலி என்னும் இடத்திலும் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. மற்றபடி, சான்றிட்ட நகலை நம்பி வங்கி நடந்துகொண்டால், அதனால் வரும் நஷ்டம் பெரும்பாலும் கம்பெனியின் தலையில்தான் விழும்.

இதே காரணத்துக்காகத்தான் வங்கியே அச்சடித்துத் தரும் தீர்மானப் படிவத்தை நிதானமாகப் படிக்கச் சொல்வேன். பல வங்கிகள் தங்கள் படிவத்தில்தான் வேண்டும் என்பார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் சில படிவங்களில் கணக்குத் தொடங்கும் வரிக்குக் கீழே கடன் வாங்கவும், ஓவர்டிராஃப்ட் எடுக்கவும், சொத்தை ஈடு வைக்கவும் அதே ஆட்களுக்கு அதிகாரம் தரும் பத்திகள் இருக்கும். இன்று நடப்புக் கணக்கு மட்டும் போதும் என்றால் அந்தப் பத்திகளை அடித்துவிட்டுத்தான் போர்டின் முன் வைக்க வேண்டும். இங்கே சட்டத்தில் ஒரு வேறுபாடு இருக்கிறது. கணக்குத் தொடங்கும் தீர்மானத்தைக் கூட்டம் போடாமல், எல்லா டைரக்டர்களுக்கும் வாசகத்தை அனுப்பிப் பெரும்பான்மை ஒப்புதல் வாங்கியும் நிறைவேற்றலாம். கடன் வாங்கும் அதிகாரத்தை அப்படி நிறைவேற்ற முடியாது, 179ஆவது பிரிவின்படி அது கூட்டத்தில்தான் நடக்க வேண்டும். படிவத்தைப் படிக்காமல் சுற்றுக்கு விட்டு நிறைவேற்றியவர்கள், தங்களுக்கே தெரியாமல் செல்லாத கடன் தீர்மானம் ஒன்றுக்குச் சான்று கொடுத்திருப்பார்கள். சுற்றுக்கு விட்டு நிறைவேற்றினால் நகலின் தலைப்பிலும் "கூட்டத்தில்" என்று எழுதாமல் "சுற்றுத் தீர்மானமாக" என்று எழுத வேண்டும்.

தீர்மானத்தின் கடைசிப் பத்தியை, மாற்றம் வரும்வரை இது நடைமுறையில் இருக்கும் என்பதை, எல்லோரும் சடங்குக்கு எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். பின்னாளில் உயிர்பெற்று வருவது அந்தப் பத்திதான். எங்கள் அலுவலகத்துக்கு வந்த இன்னொரு கம்பெனியில் இரண்டு பங்காளிகள் மனக்கசப்பில் பிரிந்தார்கள். ஒருவர் டைரக்டர் பதவியிலிருந்து விலகினார். அந்த விலகலை அரசுப் பதிவேட்டில் 30 நாளுக்குள் ஒழுங்காகத் தாக்கல் செய்தோம். வங்கிக்குச் சொல்ல வேண்டியது கம்பெனிக்காரர்கள் வேலை என்று நாங்கள் நினைத்தோம், நாங்கள் சொல்லிவிட்டோம் என்று அவர்கள் நினைத்தார்கள். விலகிப் போனவரிடம் கையெழுத்துப் போட்ட செக் புத்தகம் ஒன்று இருந்தது. அடுத்த மாதம் மூன்று செக்குகள் பாஸாகின. வங்கியிடம் கேட்டபோது அவர்கள் எடுத்துக் காட்டியது எங்கள் தீர்மானத்தின் கடைசிப் பத்தியைத்தான். அவர்கள் கோப்பில் அவருடைய அதிகாரம் உயிரோடு இருந்தது. பதிவேட்டில் பெயர் நீங்கியதை வங்கி தானாகத் தேடிப் பார்க்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு. அன்றிலிருந்து டைரக்டர் விலகல் வேலை எதை எடுத்தாலும், வங்கிக்கான மாற்றுத் தீர்மானத்தின் நகலை அதே நாளில் தயார் செய்து, ஒப்புகை முத்திரை வாங்கி வரச் சொல்லிய பிறகுதான் மற்ற வேலைகளைத் தொடங்குகிறேன்.

இன்னும் ஒரு சின்னப் பழக்கம் உண்டு. "பத்து காப்பி கையெழுத்துப் போட்டு வைத்துவிடலாம், தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம்" என்பார்கள். வங்கியின் பெயரும் கிளையும் காலியாக விட்ட சான்றிட்ட நகலை வைத்துக்கொண்டு, கம்பெனிக்கே தெரியாத ஒரு கிளையில் கம்பெனி பெயரில் கணக்குத் தொடங்கலாம். வாடிக்கையாளர் கம்பெனி பெயருக்குத் தரும் செக் அங்கே போய் விழும். அதனால் நகல் ஒன்றுதான், அதில் வங்கியின் பெயரும் கிளையும் நிரம்பியிருக்க வேண்டும்.

ஜூன் 30 பிற்பகல் அந்த அம்மா வங்கியிலிருந்து போன் செய்தார். அதிகாரி வாங்கிக்கொண்டாராம். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: ஒரு நாள் வரம்பு என்பது செக்கையும் இன்டர்நெட் பரிமாற்றத்தையும் சேர்த்தா, தனித்தனியா? எழுதிய வாசகத்தை எடுத்துப் பார்த்தேன். சேர்த்துத்தான் என்பது எங்கள் எண்ணம், ஆனால் அந்தச் சொல் வாசகத்தில் இல்லை. "நாங்களே எழுதிக் கொடுத்துடலாங்களா சார்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். போர்டு சொல்லாத சொல்லைச் சான்றளித்தவர் பேனாவால் சேர்க்க முடியாது. அன்று இரவே "சேர்த்து" என்ற சொல்லோடு திருத்தத் தீர்மானத்தின் வாசகத்தை மூன்று டைரக்டர்களுக்கும் ஈமெயிலில் சுற்றுக்கு விட்டோம். மூவரும் ஒப்புதல் அனுப்பினார்கள். மறுநாள் காலை "சுற்றுத் தீர்மானத்தின் சான்றிட்ட நகல்" என்ற தலைப்போடு இரண்டாவது பக்கம் வங்கிக்குப் போனது. வங்கி ஒப்புகை முத்திரை குத்திக் கொடுத்த பிரதிகள் இரண்டையும் அந்த அம்மா மினிட்ஸ் கோப்பில் முதல் மீட்டிங் பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில் கோத்து வைத்திருக்கிறார்.